வேலையிடத்தில் வாய் தவறிவிட்டால்: மன்னிப்புக் கடிதம் எழுதும் முறை

நடத்தை சம்பந்தமாகப் புகார் வந்தால் பல நிறுவனங்களில் முதலில் நடப்பது இதுதான். ஹெச்.ஆரிலிருந்து கூப்பிட்டு, "ஒரு அப்பாலஜி லெட்டர் எழுதிக் கொடுத்துடுங்க, முடிச்சுக்கலாம்" என்பார்கள். நாமும் எங்காவது ஒரு மாதிரியைப் பிடித்து, பெயரையும் தேதியையும் மாற்றிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவோம். விஷயம் முடிந்தது போலத்தான் தெரியும். ஆனால் அந்தத் தாள் உங்கள் பர்சனல் ஃபைலுக்குள் போகிறது. நம் ஊர்த் தொழிற்சாலைகள் பலவற்றின் வேலை விதிகளான நிலையாணைகளுக்கு அடிப்படையாக இருந்தவை, 1946-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்த மாதிரி நிலையாணைகள்; தண்டனையை முடிவு செய்யும்போது தவறு எவ்வளவு பெரியது என்பதோடு தொழிலாளியின் முந்தைய பதிவையும் கணக்கில் எடுக்க அவை சொல்லியிருந்தன. அந்தப் பதிவில் இருக்கப்போகும் தாள்களில் இதுவும் ஒன்று.

இங்கே ஒரே ஒரு சம்பவத்தை வைத்துக் கடிதத்தை எழுதிப் பார்ப்போம். உதாரணத்துக்காகச் சொல்வது என்றாலும், ஷிப்ட் முறையில் வேலை செய்யும் யாருக்கும் இது புதிதாக இருக்காது. உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையின் சி.என்.சி. பிரிவு. முதல் ஷிப்ட் பிற்பகல் 2.30-க்கு முடிகிறது. அடுத்த ஷிப்டுக்கு வர வேண்டியவர் 3.05-க்குத்தான் வருகிறார். அதுவரை இயந்திரத்தை விட்டு நகர முடியாமல் நின்ற ஆபரேட்டர், அவரைக் கெட்ட வார்த்தையில் திட்டி, லாக் புத்தகத்தை மேஜையில் வீசிவிட்டுக் கிளம்பிவிடுகிறார். பக்கத்தில் பயிற்சியாளர்கள் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். அன்று காலை அந்த ஆபரேட்டர் ஒரு டூல் மாற்றி, அதற்கேற்ற அளவுத் திருத்தமான ஆஃப்செட்டையும் மாற்றியிருந்தார். கோபத்தில் அதை அடுத்தவரிடம் சொல்லவில்லை. ஷிப்ட் இன்சார்ஜ் இயந்திரத்தை நிறுத்தி, முதல் பீஸை அளந்து பார்த்த பிறகே உற்பத்தி தொடர்ந்தது. மறுநாள் ஹெச்.ஆர். கூப்பிடுகிறது.

படி 1: உங்களிடம் கேட்பது எது என்று தெரிந்துகொள்ளுங்கள்

வாய்மொழியாகக் கடிதம் கேட்டார்களா, அல்லது கையில் மெமோ கொடுத்தார்களா? இரண்டும் வேறு வேறு.

மெமோவில் குற்றச்சாட்டு எழுதப்பட்டிருக்கும், இத்தனை நாளுக்குள் விளக்கம் தர வேண்டும் என்று கெடுவும் இருக்கும். அதற்கு மன்னிப்புக் கடிதம் மட்டும் கொடுத்தால், அதிலுள்ள எல்லாக் குற்றச்சாட்டுகளையும் ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்ள இடமுண்டு. நம் ஆபரேட்டருக்கு வந்த மெமோவில் "அடிக்கக் கையை ஓங்கினார்" என்று ஒரு வரி இருக்கிறது, அவர் ஓங்கவே இல்லை என்று வைத்துக்கொள்வோம். அப்போது குற்றச்சாட்டு ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பதில் எழுத வேண்டும். திட்டியதை ஒப்புக்கொள்ளலாம், ஓங்கியதை மறுக்க வேண்டும், கடைசியில் மன்னிப்புக் கேட்கலாம். வேலைக்கே ஆபத்து என்று தோன்றினால் சங்கத்திலோ வக்கீலிடமோ காட்டாமல் எதையும் கொடுக்காதீர்கள்.

பாலியல் தொந்தரவு குறித்த புகார் என்றால் இந்தக் கட்டுரையில் உள்ள எதுவும் பொருந்தாது. அது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி உள்ளகக் குழுவுக்குப் போகும். நீங்களாகப் புகார் கொடுத்தவரிடம் போய் மன்னிப்புக் கேட்பதும், கடிதம் கொடுப்பதும் அவரை நெருக்குவதாகவே பார்க்கப்படும்.

நாம் எழுதப்போவது வாய்மொழியாகக் கேட்கப்பட்ட கடிதம்.

படி 2: முதலில் ஒரு துண்டுத் தாளில் நடந்ததை எழுதுங்கள்

யாருக்கும் காட்டப்போவதில்லை, அதனால் மனதில் வருவதையெல்லாம் எழுதலாம். பிறகு பேனாவை எடுத்து, நீங்கள் செய்யாத காரியங்களை அடித்துவிடுங்கள். "அவன் 35 நிமிஷம் லேட்", "போன வாரமும் இப்படித்தான்", "இன்சார்ஜ் கண்டுக்கவே இல்லை" எல்லாம் போய்விடும். மிஞ்சுவது மூன்றே விஷயம்: திட்டினேன், புத்தகத்தை வீசினேன், ஒப்படைப்பை முடிக்காமல் போனேன். கடிதத்தின் உடம்பு இதுதான்.

அடித்துப் போட்டவை பொய் என்று அர்த்தமில்லை. மாற்று ஆள் தாமதமாக வருவது உண்மையான பிரச்சினைதான். ஆனால் அதற்கு இன்னொரு நாள், இன்னொரு தாள். மன்னிப்புக் கடிதத்துக்குள் புகாரைச் செருகினால் படிப்பவருக்குப் புகார்தான் கண்ணில் படும், மன்னிப்பு காணாமல் போகும்.

படி 3: முதல் பத்தி, செய்தவர் யார் என்று தெரியும்படி

பெரும்பாலான கடிதங்கள் இங்கேதான் கெடுகின்றன. வழக்கமாக வருவது இந்த மாதிரி:

"எதிர்பாராத விதமாக எனக்கும் சக பணியாளருக்கும் இடையே சிறு வாக்குவாதம் ஏற்பட்டது. இதனால் யாருடைய மனமாவது புண்பட்டிருந்தால் வருந்துகிறேன்."

இதில் யாரும் எதையும் செய்யவில்லை. வாக்குவாதம் தானாக வந்து ஏற்பட்டுவிட்டது, இரண்டு பேருக்கும் பாதிப் பாதிப் பங்கு. "புண்பட்டிருந்தால்" என்பது இன்னும் மோசம். புண்பட்டவர் எழுதிக் கொடுத்த புகார் மேலாளரின் மேஜையிலேயே இருக்கிறது.

வரியை "நான்" என்று தொடங்கி, "திட்டினேன்", "வீசினேன்" என்று முடியுங்கள். தேதி, நேரம், இடம் இருக்கட்டும். அந்தக் கெட்ட வார்த்தையை அப்படியே எழுத வேண்டாம், "தகாத வார்த்தை" போதும். "சிறு" என்ற அடைமொழியும் வேண்டாம். சிறியதா பெரியதா என்று முடிவு செய்வது அவர்கள் வேலை. அதே சமயம் நடந்ததற்கு மேலும் போகாதீர்கள். "மிகக் கேவலமாக நடந்துகொண்டேன், நிறுவனத்தின் பெயரையே கெடுத்துவிட்டேன்" என்று உணர்ச்சியில் எழுதும் வரியை, நாளைக்கு உள்விசாரணை வந்தால் உங்களுக்கு எதிராகவே வாசித்துக் காட்டலாம்.

படி 4: அதனால் என்ன ஆனது

இரண்டு வரி போதும். திட்டு வாங்கியவர் பயிற்சியாளர்கள் முன்னால் அவமானப்பட்டார், இயந்திரம் நின்றது. எல்லோருக்கும் தெரிந்த விளைவை மட்டும் சொல்லுங்கள். காரணம் சொல்லியே ஆக வேண்டும் என்று தோன்றினால் ஒரே வரி, அதுவும் "இருந்தாலும் அது நான் பேசியதற்குச் சமாதானம் ஆகாது" என்று முடிய வேண்டும். அப்படி முடிக்க மனசு வரவில்லையா, காரணத்தையே விட்டுவிடுங்கள்.

படி 5: இனி என்ன செய்வீர்கள்

"இனி கோபப்பட மாட்டேன்" என்பதை எந்த மேலாளரும் சரிபார்க்க முடியாது. அடுத்த முறை முகம் சுளித்தாலே வாக்குத் தவறியதாகிவிடும். நல்ல திருத்த நடவடிக்கை என்றால் அது உங்கள் கையில் இருக்க வேண்டும், மற்றவர் பார்த்துத் தெரிந்துகொள்ளும்படியும் இருக்க வேண்டும். கடிதம் கொடுக்கும் முன்பே ஒன்றையாவது செய்து முடித்திருந்தால் கடிதத்தின் எடையே வேறு.

நம் ஆபரேட்டர் மறுநாளே அந்தப் பயிற்சியாளர்கள் இருக்கும்போது சக பணியாளரிடம் நேரில் மன்னிப்புக் கேட்டுவிட்டார். எல்லார் முன்னிலையில் திட்டிவிட்டுத் தனியாகக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டால் கணக்கு சரியாகாது. (தள்ளி இருக்கும்படி ஹெச்.ஆர். சொல்லியிருந்தால் மட்டும் இதைச் செய்யாதீர்கள்.) அடுத்தது, மாற்று ஆள் 10 நிமிடத்துக்கு மேல் தாமதித்தால் தானே பேசாமல் இன்சார்ஜுக்குத் தெரிவிப்பது. மூன்றாவது, டூல் மாற்றத்தையும் ஆஃப்செட்டையும் லாக் புத்தகத்தில் எழுதி, அடுத்தவரின் கையெழுத்து வாங்கிய பிறகே கிளம்புவது. இந்த மூன்றும் போதும். எட்டு எழுதினால் எட்டையும் காப்பாற்ற வேண்டியிருக்கும்.

முழுக் கடிதம்

அனுப்புநர்: (பெயர், பணியாளர் எண்), ஆபரேட்டர், சி.என்.சி. பிரிவு
பெறுநர்: மேலாளர், உற்பத்தித் துறை
வழி: ஷிப்ட் இன்சார்ஜ்
நகல்: மனிதவளத் துறை
நாள்: (கொடுக்கும் தேதி)

பொருள்: 12-ஆம் தேதி ஷிப்ட் மாற்றத்தின்போது தகாத வார்த்தை பேசியதற்கு மன்னிப்புக் கோருதல்.

ஐயா,

இம்மாதம் 12-ஆம் தேதி பிற்பகல் 3.05 மணியளவில், இயந்திரத்தை ஒப்படைக்கும் நேரத்தில், அடுத்த ஷிப்டுக்கு வந்த சக பணியாளர் திரு. (பெயர்) அவர்களை நான் தகாத வார்த்தையால் திட்டினேன். லாக் புத்தகத்தை மேஜையில் வீசினேன். அன்று செய்த டூல் மாற்றத்தைத் தெரிவிக்காமலேயே இடத்தை விட்டுச் சென்றேன்.

பயிற்சியாளர்கள் இருவர் முன்னிலையில் நான் பேசியது அவருக்கு அவமானத்தைத் தந்தது. ஒப்படைப்பு முழுமையாக நடக்காததால் இயந்திரத்தை நிறுத்தி அளவுகளைச் சரிபார்க்க வேண்டியதாயிற்று. இவற்றுக்கு நானே பொறுப்பு. இதற்காகத் தங்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

13-ஆம் தேதி, அதே பயிற்சியாளர்கள் முன்னிலையில், அவரிடம் நேரில் மன்னிப்புக் கேட்டேன். இனி மாற்றுப் பணியாளர் வர 10 நிமிடத்துக்கு மேல் தாமதமானால் ஷிப்ட் இன்சார்ஜிடம் மட்டுமே தெரிவிப்பேன். டூல் மாற்றம், ஆஃப்செட் விவரங்களை லாக் புத்தகத்தில் எழுதி, பெறுபவரின் கையெழுத்தைப் பெற்ற பிறகே இயந்திரத்தை விட்டுச் செல்வேன்.

இப்படிக்கு,
(கையெழுத்து)

ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிட்டது, கவனித்தீர்களா? சம்பவத்துக்கும் கடிதத்துக்கும் இடையே இரண்டு மூன்று நாளுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த வரியை நீங்களாக எழுதாதீர்கள்

நம் ஊர்க் கடிதங்களில் கடைசி வரியாகப் பழக்கதோஷத்தில் வருவது ஒன்று உண்டு: "இனி இதுபோல் நடந்தால் நிர்வாகம் எடுக்கும் எந்த நடவடிக்கைக்கும் கட்டுப்படுகிறேன்." பணிவாக இருக்கிறது என்று நினைத்து எழுதுகிறார்கள். "இதுபோல்" என்றால் எதுபோல்? இரண்டு வருடம் கழித்து ஒரு சாதாரண வாய்த்தகராறிலும் இந்தத் தாளை எடுத்து மேஜையில் போடலாம். திருத்த நடவடிக்கைகளை எழுதியிருக்கும்போது இந்த வரிக்கு வேலையே இல்லை.

சில இடங்களில் ஹெச்.ஆர். சொல்லச் சொல்ல எழுத வைப்பார்கள், இந்த வரியும் அதில் வரும். உடனே சண்டைக்குப் போக வேண்டாம். "சார், நானே எழுதி நாளைக்குக் காலையில கொடுத்துடறேன்" என்று கேட்டுப் பாருங்கள், பல நேரம் விட்டுவிடுவார்கள். விடவில்லை என்றால், "இதுபோல்" என்ற இடத்தில் "பணியிடத்தில் தகாத வார்த்தை பேசினால்" என்றும், "எந்த நடவடிக்கைக்கும்" என்ற இடத்தில் "நிறுவன விதிகளின்படியான நடவடிக்கைக்கு" என்றும் மாற்றி எழுதலாமா என்று கேளுங்கள். வெற்றுத் தாளில் கையெழுத்து மட்டும் எந்தக் காரணத்துக்கும் போடாதீர்கள்.

கொடுக்கும்போது

இரண்டு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றைக் கொடுத்துவிட்டு, மற்றதில் "பெற்றுக்கொண்டேன்" என்று தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். தயங்கினால், கடிதத்தைப் படம் பிடித்து அன்றே நிறுவன மின்னஞ்சலில் மேலாளருக்கும் ஹெச்.ஆருக்கும் அனுப்புங்கள், அனுப்பிய நேரம் அதில் நின்றுவிடும். கடிதம் கொடுத்த பிறகும் மெமோ வரலாம், அது அவர்கள் உரிமை. அப்படி வந்தால் குற்றச்சாட்டுகளுக்கு வரிசையாகப் பதில் எழுதி, இந்தப் பிரதியையும், கையெழுத்து வாங்கி வைத்த லாக் புத்தகப் பக்கங்களின் நகலையும் சேர்த்து இணையுங்கள்.