பிளீ பார்கெய்னிங் மனு போடும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் கோர்ட் வராந்தாவில் ஒரு ஜூனியர் வக்கீல் டைப் அடித்த மனு ஒன்றை என்னிடம் நீட்டினார். வரப்புத் தகராறு, பங்காளிகளுக்குள் அடிதடி. "ரெண்டு தரப்பும் ராஜி ஆயிட்டாங்க சார். பிளீ பார்கெய்னிங் போட்டு ஒரே வாய்தாவுல முடிச்சிடலாம்னு இருக்கேன்" என்றார். 2013-இல் இதே மாதிரி ஒரு மனுவில் நானே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இதை ராஜி என்று நினைப்பது

ராஜி என்றால் காம்பவுண்ட் செய்வது. அடிபட்டவர் கோர்ட்டில் வந்து சமாதானமாகிவிட்டோம் என்று சொல்ல, சட்டம் அனுமதிக்கும் பிரிவாக இருந்தால் வழக்கு அங்கேயே முடியும். அதற்கு விடுதலைக்குச் சமமான மதிப்பு உண்டு. பிளீ பார்கெய்னிங் அப்படியல்ல. அங்கே நம் கட்சிக்காரர் குற்றத்தை ஒப்புக்கொள்கிறார், கோர்ட் அவரைக் குற்றவாளி என்று தீர்ப்பு எழுதுகிறது. குறைவது தண்டனை மட்டும்தான்.

நடைமுறை இதுதான். ஏழு வருடத்துக்கு மேல் தண்டனை இல்லாத குற்றமாக இருக்க வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவரே பிரமாணப் பத்திரத்தோடு மனு போட வேண்டும். மாஜிஸ்திரேட் அரசு வக்கீலான ஏபிபியையும் போலீஸையும் வெளியே அனுப்பிவிட்டு அவரைத் தனியாக விசாரிப்பார். சொந்த விருப்பத்தில்தான் வந்தாரா என்று திருப்தி ஏற்பட்டால், ஏபிபி, விசாரணை அதிகாரி, பாதிக்கப்பட்டவர், நம் கட்சிக்காரர் எல்லாரும் உட்கார்ந்து பேச அவகாசம் தருவார். சிஆர்பிசிக்குப் பதிலாக வந்த புதிய பிஎன்எஸ்எஸ் சட்டத்தில் அது 60 நாளுக்கு மேல் போகக்கூடாது. நஷ்டஈடு எவ்வளவு என்பதெல்லாம் அங்கே முடிவாகும். ஒத்துப்போனால் தீர்ப்பு. ஒத்துப்போகாவிட்டால் வழக்கு விட்ட இடத்திலிருந்து தொடரும்.

என் 2013 கட்சிக்காரருக்கு அப்போது 22 வயது. தண்ணீர் திருப்புகிற சண்டையில் மண்வெட்டிக் காம்பால் சித்தப்பா மகனை அடித்துவிட்டார். தோளில் வீக்கம், சின்னக் கீறல். எஃப்ஐஆரில் ஐபிசி 294(பி), 323, 324, அதாவது ஆபாச வசவு, சாதாரணக் காயம், ஆயுதக் காயம். ஊர்ப் பெரியவர்கள் பேசி முடித்துவிட்டார்கள். ஆனால் 324 ஆயுதத்தால் காயம் ஏற்படுத்துவது. அதைக் காம்பவுண்ட் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டார்கள். 294(பி)யும் பட்டியலில் இல்லை. ராஜிக்கு வழி இல்லையே என்று நான் பிளீ பார்கெய்னிங் மனுவைப் போட்டேன். 5,000 ரூபாய் நஷ்டஈடு, ஒரு வருட நன்னடத்தைப் பிணை. ஜெயில் இல்லை. வாசலில் இரண்டு வீட்டாரும் சேர்ந்து காபி சாப்பிட்டார்கள். எனக்கும் பெருமைதான்.

மூன்று வருடம் கழித்து அந்தப் பையன் ஒரு படிவத்தோடு வந்தார். அரசு வேலைக்கு எழுத்துத் தேர்வில் பாஸ், சான்றிதழ் சரிபார்ப்பும் முடிந்திருந்தது. படிவத்தில் ஒரு கேள்வி: எந்த நீதிமன்றத்திலாவது தண்டிக்கப்பட்டிருக்கிறீர்களா? "இதுல என்ன சார் போடணும்? எனக்குத்தான் தண்டனையே இல்லையே" என்று கேட்டார். மறைத்தால் அதற்காகவே வேலை போகும். "ஆம்" என்று எழுதச் சொன்னேன். வேலை கிடைக்கவில்லை.

நன்னடத்தைச் சட்டத்தின் 12-வது பிரிவு தண்டனையால் வரும் தகுதியிழப்பை நீக்குகிறதே என்று நம்மில் பலர் கட்சிக்காரருக்கு தைரியம் சொல்கிறோம். நானும் சொன்னேன். ஆனால் அந்தப் பிரிவு, குற்றவாளி என்ற தீர்ப்பை அழித்துவிடாது. உச்ச நீதிமன்றம் 1990-இல் பக்ஷி ராம் வழக்கிலேயே இதைத் தெளிவாக்கிவிட்டது.

அப்பீல் போகலாமா என்றால் அதுவும் இல்லை. இந்தத் தீர்ப்புக்கு மேல்முறையீடு கிடையாது. உயர் நீதிமன்றத்தில் ரிட், உச்ச நீதிமன்றத்தில் சிறப்பு அனுமதி மனு, இவை இரண்டுதான். தானே விரும்பிக் கையெழுத்துப் போட்டவருக்கு அங்கே நல்லது நடப்பது அபூர்வம்.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போயிருக்க வேண்டும். 2012-இல் கியான் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியாகிவிட்டது: கொலை, பாலியல் வன்முறை போன்ற கொடுங்குற்றங்களைத் தவிர, தனிப்பட்ட தகராறுகளில் சமாதானம் ஏற்பட்டால், காம்பவுண்ட் ஆகாத பிரிவாக இருந்தாலும் உயர் நீதிமன்றம் வழக்கை ரத்து செய்யலாம். அந்த அதிகாரம் அன்றைக்கு சிஆர்பிசி 482, இன்றைக்கு பிஎன்எஸ்எஸ் 528. இரண்டு தரப்பும் கையெழுத்திட்ட கூட்டு மெமோ, அடையாள அட்டைகள், இரு தரப்பும் நேரில் ஆஜர். கொஞ்சம் செலவு, சில மாதம் காத்திருப்பு. வழக்கு ரத்தானால் குற்றவாளி என்ற தீர்ப்பே இல்லை. "தண்டிக்கப்பட்டிருக்கிறீர்களா" என்ற கேள்விக்கு "இல்லை" என்று நேர்மையாக எழுதலாம். (வழக்கு இருந்ததா என்று கேட்டால் அதைச் சொல்லத்தான் வேண்டும்.)

இன்னொன்றும் உறுத்துகிறது. வாக்குவாதத்தில் திட்டியதற்கெல்லாம் நம் ஊரில் 294(பி) போட்டுவிடுகிறார்கள், ஐபிசிக்குப் பதிலாக வந்த பிஎன்எஸ்-இல் இப்போது 296(பி). வெறும் வசவு ஆபாசமாகாது என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் மதனகோபால் வழக்கில் சொல்லியிருக்கிறது. விசாரணையில் நிற்கவே நிற்காத பிரிவுக்கும் சேர்த்து நாமே குற்றத்தை ஒப்புக்கொடுக்கிறோம். சார்ஜ்ஷீட்டை வரிவரியாகப் படித்து, எந்தப் பிரிவு நிற்கும், காய சர்டிபிகேட் என்ன சொல்கிறது என்று பார்க்காமல் மனு போடாதீர்கள்.

ஆறில் ஒரு பங்கு என்றதும் மயங்குவது

பிஎன்எஸ்எஸ்-இல் முதல் முறை குற்றவாளிக்கு ஆறில் ஒரு பங்கு தண்டனை என்றதும் லாபமாகத் தெரியும். எதில் ஆறில் ஒரு பங்கு? அந்தப் பிரிவின் அதிகபட்சத் தண்டனையில். வீடு புகுந்து திருட்டுக்கு அதிகபட்சம் 7 வருடம், அதாவது 84 மாதம். ஆறில் ஒரு பங்கு 14 மாதம். பொருள் திரும்பக் கிடைத்து, பழைய வழக்கும் இல்லாத ஒரு பையனுக்கு முழு விசாரணைக்குப் பிறகும் பல மாஜிஸ்திரேட்டுகள் அதைவிடக் குறைவாகவே கொடுப்பார்கள். நன்னடத்தைப் பிணை கேட்டு வாதாட இங்கேயும் இடமுண்டு. ஆனால் அதற்கு உத்தரவாதம் இல்லை.

கட்சிக்காரர் ஏற்கெனவே 13 மாதம் உள்ளே இருந்துவிட்டார், சாட்சியம் பலமாக இருக்கிறது என்றால் கணக்கு வேறு. உள்ளே இருந்த நாள் தண்டனையில் கழியும், ஒரு மாதத்தில் வெளியே வந்துவிடுவார். அங்கே நானே மனு போடச் சொல்வேன்.

பெண், குழந்தை பாதிக்கப்பட்ட வழக்கில் மனு போடுவது

செல்லாது.

30 நாளைக் கோட்டை விடுவது

பிஎன்எஸ்எஸ்-இல் மனு போட 30 நாள்தான் கெடு. குற்றச்சாட்டு வனைந்த நாளிலிருந்து எண்ணுங்கள்.

கட்சிக்காரருக்குப் புரியாமல் கையெழுத்து வாங்குவது

தனி விசாரணையில் "எதற்கு மனு போட்டீர்கள்?" என்று மாஜிஸ்திரேட் கேட்டால், "வக்கீல் சார் போடச் சொன்னாங்க" என்பார். மனு அப்போதே போய்விடும். அது போனால்கூடப் பரவாயில்லை. தப்பாமல் ஒப்பித்துவிட்டு, தான் தண்டிக்கப்பட்டவன் என்பதே தெரியாமல் வீட்டுக்குப் போகிறவர்தான் ஆபத்தில் இருக்கிறார். அரசு வேலை, வெளிநாட்டு விசா, பாஸ்போர்ட் என்று எதற்காவது முயற்சி செய்யப்போகிறாரா என்று மனு டைப் அடிக்கும் முன்பே கேளுங்கள். வீட்டில் தம்பி படிக்கிறான் என்ற பேச்சோடு பேச்சாகத்தான் அது வெளியே வரும்.

அந்த ஜூனியரிடமும் இதைத்தான் கேட்டேன். போன் போட்டு விசாரித்தார். பையன் போலீஸ் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறான். குற்றச்சாட்டு இன்னும் வனையவில்லை, 30 நாள் கணக்கே தொடங்கவில்லை. மனுவைத் தாக்கல் செய்யாமல் வழக்குக் கட்டுக்குள்ளேயே வைத்துவிட்டு, கூட்டு மெமோவுக்கு இரண்டு தரப்பின் ஆதார் நகலையும் வாங்க அன்று மாலையே ஊருக்குப் புறப்பட்டார்.