எச்-4 விசாவில் வந்த துணை: முதல் ஆறு மாதத்தில் தம்பதிகள் செய்யும் தவறுகள்

கோயம்புத்தூரில் எட்டு வருஷம் வங்கியில் வேலை பார்த்த ஒரு பெண், டாலஸ் பக்கத்தில் பிரிஸ்கோவில் குடியேறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கணவருக்கு எச்-1பி வேலை விசா, இவருக்குத் துணைக்கான எச்-4. ஊரில் ஸ்கூட்டி, சம்பளக் கணக்கு, தன் பெயரில் ஏடிஎம் கார்டு என்று இருந்தவர். இங்கே இந்தியன் ஸ்டோரில் தேங்காயும் கறிவேப்பிலையும் வாங்கி, தன் பழைய கார்டை நீட்டினால், அது வேலை செய்யாமல் போகலாம். அதைச் சரிசெய்யத் தேவையான ஓடிபி அணைந்து கிடக்கும் இந்திய சிம்முக்குப் போகிறது. கணவர் தந்த கார்டில் ஆன்லைனில் எதையாவது வாங்கினாலோ, சரிபார்ப்பு எண் அவர் போனுக்குப் போகிறது. அவர் மீட்டிங்கில் இருந்தால் காத்திருக்க வேண்டியதுதான்.

தனிமை என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு இப்படித்தான் ஆரம்பிக்கிறது. விசா தடுப்பது வேலையை மட்டும். வங்கிக் கணக்கு, டிரைவிங் லைசென்ஸ், படிப்பு எதையும் எச்-4 தடுப்பதில்லை. அவற்றைத் தடுப்பது வசதிக்காகத் தம்பதிகள் முதல் சில வாரங்களில் எடுக்கும் முடிவுகள். மனைவியை முன்வைத்து எழுதியிருக்கிறோம். எச்-4-இல் வந்த கணவர்களுக்கும் இதே கதைதான்.

எல்லாவற்றையும் ஒருவர் பெயரில் போடுவது

வீட்டு லீஸ், கரண்ட், இன்டர்நெட், வங்கிக் கணக்கு எல்லாம் கணவர் ஏற்கெனவே எடுத்து வைத்திருப்பார். "இப்ப எதுக்கு மாத்திக்கிட்டு" என்று விட்டுவிடுவார்கள். மூன்று மாதம் கழித்து லைசென்ஸ் எடுக்கப் போகும்போதுதான் பிரச்சினை தெரியும். டெக்சாஸில் இருப்பிடச் சான்றாக அவர் பெயரும் முகவரியும் உள்ள இரண்டு ஆவணம் கேட்பார்கள். அவர் பெயரில் ஒன்றுகூட இருக்காது. கணவர் உறுதிமொழிப் படிவம் கொடுத்துச் சமாளிக்க வழி இருக்கிறது. ஆனால் அதற்குக் கணவரும் திருமணச் சான்றிதழும் கூடவே வர வேண்டும். ஒருநாள் லீவு போட அவர் தயங்கினால், அது இன்னும் ஒரு மாதம் தள்ளிப்போகும்.

வந்து இரண்டு வாரத்துக்குள் லீஸில் பெயர் சேர்க்கச் சொல்லுங்கள். லீசிங் ஆபீஸில் ஒரு சிறு இணைப்புத் தாளில் முடிகிற வேலை. அதே வாரம் இருவரும் வங்கிக் கிளைக்கு நேரில் போங்கள். சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லாமலே பாஸ்போர்ட், விசா, முகவரிச் சான்று வைத்துக் கணக்கு திறக்கும் வங்கிகள் பல உண்டு. அங்கே கேட்க வேண்டியது, கூட்டு உரிமையாளராகச் சேர்க்கிறார்களா, கையெழுத்துப் போடும் அனுமதி மட்டும் தருகிறார்களா என்பது. இரண்டாவது வகையில் பணம் அவருடையது ஆகாது.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. நம் பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் காலியாக இருந்தால், அமெரிக்க விசாவில் முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் FNU என்று விழும். வங்கியில் ஒரு மாதிரி, லைசென்ஸில் ஒரு மாதிரி எழுதிவிட்டால் பின்னால் ஒவ்வொன்றும் சரிபார்ப்பில் மாட்டும். விசாவிலும், ஐ-94 என்ற நுழைவுப் பதிவிலும் உள்ளபடியே எல்லா இடத்திலும் எழுதச் சொல்லுங்கள்.

லைசென்ஸ் விஷயத்தில் ஊர் எது என்பது முக்கியம். நியூ ஜெர்சியில் ரயில் நிலையம் பக்கத்தில் இருப்பவருக்கு அவசரம் குறைவு. பிரிஸ்கோ, டாலஸ் வட்டாரப் பேருந்து அமைப்பான டார்ட்டில் உறுப்பினராக இல்லாத ஊர். ஜூலையில் 38 டிகிரிக்கு மேல் வெயில் அடிக்கும்போது கடைக்கு நடப்பதும் நடக்காது. அங்கே கார் ஓட்டத் தெரியாதவர் வீட்டுக்குள்தான் இருக்க முடியும். டெக்சாஸில் எழுத்துத் தேர்வு 30 கேள்வி, 70 சதவீதம் எடுத்தால் போதும். சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லாதவர் அதற்கான உறுதிமொழியில் கையெழுத்திடலாம். கற்றுக்கொடுக்கும் வேலையைக் கணவர் மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து. பக்கத்து சீட்டில் அவர் பிரேக்கைத் தேடி மிதிக்க, மூன்றாவது வகுப்பிலேயே சண்டை வந்து கற்பது நின்றுவிடும். ஒரு பயிற்சியாளரிடம் சில வகுப்பு எடுத்துவிட்டு, கணவருடன் ஓட்டுவதைப் பழக்கத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். லைசென்ஸ் வந்ததும் வாரத்தில் இரண்டு நாளாவது கார் வீட்டில் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் அது வெறும் அடையாள அட்டை.

"என்ன வேணும்னாலும் கேளு"

அன்பாகத்தான் சொல்வார்கள். ஆனால் ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டியிருப்பதுதான் வலி. சம்பாதித்துப் பழகியவர் கேட்பதைக் குறைத்துக்கொள்வார். பிறகு தேவையையே குறைத்துக்கொள்வார். முடி வெட்டிக்கொள்வதைத் தள்ளிப்போடுவது, அம்மாவுக்குப் பணம் அனுப்புவதைப் பற்றிப் பேச்சே எடுக்காமல் இருப்பது, இவையெல்லாம் அதன் அடையாளம்.

கூட்டுக் கணக்கு போக, அவர் பெயரில் மட்டும் ஒரு கணக்கு வைத்து, சம்பள நாளன்று பேசி முடிவு செய்த தொகை தானாகப் போய்ச் சேரும்படி செய்யுங்கள். அதற்குக் கணக்குக் கேட்கக் கூடாது. இது தயவு இல்லை. டெக்சாஸ், கலிபோர்னியா, வாஷிங்டன் மாநிலங்களில் திருமணத்துக்குப் பின் ஒருவர் ஈட்டும் சம்பளம் பொதுவாக இருவரின் சொத்தாகவே சட்டப்படி கருதப்படுகிறது. "நான்தான் சம்பாதிக்கலையே" என்று சொல்பவரிடம் இதைச் சொல்லுங்கள்.

வரி இருவரும் சேர்ந்து தாக்கல் செய்யும்போது, டபிள்யூ-7 படிவம் இணைத்து அவருக்கு ஐடிஐஎன் என்ற வரி எண் வாங்கலாம். பாஸ்போர்ட் அசலைத் தபாலில் அனுப்பிவிட்டு வாரக்கணக்கில் காத்திருப்பவர்கள் உண்டு. அங்கீகரிக்கப்பட்ட முகவரிடமோ, அந்த வசதி உள்ள வரித்துறை அலுவலகத்திலோ நேரில் காட்டினால் அசல் கையிலேயே இருக்கும். கையெழுத்துப் போடும் முன் படிவத்தை அவர் படிக்க வேண்டும், ஏனென்றால் அதில் உள்ளதற்கு இருவருமே பொறுப்பு. ஊரில் உள்ள சேமிப்புக் கணக்கை, வெளிநாட்டில் வாழ்பவர்களுக்கான என்ஆர்ஓ கணக்காக மாற்றி, இந்திய எண்ணையும் உயிரோடு வைத்திருக்கச் சொல்லுங்கள். சொந்தச் சேமிப்பு கைக்கு எட்டுவது அந்த ஓடிபியை நம்பித்தான்.

ஐ-94-ஐ "கம்பெனி பார்த்துக்கும்" என்று விடுவது

இந்தத் தவறுக்கு விலை மிக அதிகம். கணவரின் எச்-1பி 2027 செப்டம்பர் வரை என்று வையுங்கள். மனைவியின் பாஸ்போர்ட் 2026 டிசம்பரில் முடிகிறது. விமான நிலைய அதிகாரி அவருக்கு டிசம்பர் வரை மட்டுமே தங்க அனுமதி போட்டுவிடலாம். ஊரில் புதுப்பிப்பது போலத் தூதரகம் வழியாகப் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்துவிட்டு நிம்மதியாக இருப்பார்கள். புது பாஸ்போர்ட் ஐ-94 தேதியை நீட்டாது. அதே மாதிரி, கம்பெனி கணவரின் எச்-1பி நீட்டிப்புக்காகப் போடும் ஐ-129 மனைவியின் காலத்தை நீட்டாது. அவருக்குத் தனியாக ஐ-539 போட வேண்டும், அல்லது தேதிக்கு முன் வெளியே போய்த் திரும்ப வேண்டும். அனுமதி முடிந்து 180 நாளுக்கு மேல் தங்கிவிட்டு வெளியேறினால், மூன்று வருஷம் உள்ளே வர முடியாது.

ஆகவே i94.cbp.dhs.gov தளத்தில் அவரே தன் ஐ-94-ஐ இறக்கித் தேதியைத் தன் போன் காலண்டரில் போட வேண்டும், ஆறு மாதம் முன்பே நினைவூட்டலோடு. பாஸ்போர்ட், திருமணச் சான்றிதழ், கணவரின் எச்-1பி அங்கீகார அறிவிப்பான ஐ-797 நகல் எல்லாம் அவர் கைவசம் இருக்க வேண்டும்.

வேலை விஷயத்தில் இரண்டு திசையிலும் தவறு

ஒன்று, "கிரீன் கார்டு வரட்டும்" என்று காத்திருப்பது. இந்தியர்களுக்கு அது பத்து வருஷத்துக்கு மேலும் இழுக்கும். எச்-4 வேலை அனுமதிக்கு கிரீன் கார்டு தேவையில்லை. கணவருக்காகக் கம்பெனி போடும் கிரீன் கார்டு மனுவான ஐ-140 அங்கீகாரமானாலே, 2015 மே 26 முதல் நடப்பில் உள்ள விதிப்படி ஐ-765 படிவத்தில் (c)(26) பிரிவில் விண்ணப்பிக்கலாம். ஐ-140-க்கு முன்னால் தொழிலாளர் துறையின் சான்று பெறும் பெர்ம் என்ற நீண்ட கட்டம் இருப்பதால், கம்பெனி அதை எப்போது ஆரம்பிக்கும் என்பதைக் கணவர் வேலையில் சேரும்போதே கேட்டு எழுத்தில் வாங்க வேண்டும். கூச்சப்பட்டுத் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் மனைவியின் வேலையிலிருந்து கழிகிறது. 2025 அக்டோபர் 30 முதல் போடப்படும் புதுப்பித்தல் விண்ணப்பங்களுக்குத் தானியங்கி நீட்டிப்பு கிடையாது. வேலை அனுமதி அட்டை முடிய 180 நாள் இருக்கும்போதே போட்டுவிடுங்கள். எல்-2 துணைகளின் நிலைமை வேறு, அந்த அந்தஸ்தே வேலை அனுமதி.

மற்றொன்று, சும்மா இருக்கப் பிடிக்காமல் வாட்ஸ்அப் குரூப்பில் சாம்பார் சாதம், சப்பாத்தி ஆர்டர் எடுப்பது, பக்கத்து வீட்டுக் குழந்தையைக் காசுக்குப் பார்த்துக்கொள்வது, சென்னைக் கம்பெனிக்கு இங்கிருந்தே லேப்டாப்பில் வேலை செய்வது. சம்பளம் எங்கே வருகிறது என்பதால் தப்பிவிட முடியாது. வேலை செய்யும்போது ஆள் எங்கே இருக்கிறார் என்பதைத்தான் பார்ப்பார்கள். பின்னால் கிரீன் கார்டுக்கான ஐ-485 போடும்போது, அனுமதியில்லாமல் வேலை செய்தீர்களா என்று படிவம் நேரடியாகவே கேட்கும். லாப நோக்குள்ள நிறுவனத்தில் சம்பளம் தர வேண்டிய வேலையை இலவசமாகச் செய்வதும் ஆபத்து. நூலகம், கோயில், உணவு வங்கி போன்ற இடங்களில் வழக்கமான தன்னார்வப் பணிக்குத் தடையில்லை. படிக்க எஃப்-1-க்கு மாற வேண்டியதும் இல்லை, எச்-4-இலேயே முழுநேரப் பட்டம் படிக்கலாம். சொந்தமாக எச்-1பி தேடுபவர்கள் பல்கலைக்கழகங்களையும் கவனியுங்கள், அங்கே லாட்டரி கிடையாது.

"வெளியில போய் நாலு பேரோட பழகு"

சாயங்காலம் ஆறரைக்கு லேப்டாப்பை மூடிய கணவர் களைத்திருப்பார். அன்று முழுக்க மனைவி பேசும் முதல் ஆள் கணவராகத்தான் இருப்பார். அப்போது இந்த யோசனை, உன் கஷ்டம் உன் குறை என்பது போல் விழும். ஊருக்குப் போன் போடலாமே என்பார்கள். டாலஸில் மதியம் இரண்டு மணிக்கு, வீடு மிகவும் வெறிச்சோடும் நேரத்தில், தமிழ்நாட்டில் கோடையில் இரவு பன்னிரண்டரை, குளிர்காலத்தில் ஒன்றரை. அம்மா தூங்கிக்கொண்டிருப்பார்.

கணவரின் சக ஊழியர் வீட்டு சனிக்கிழமை விருந்துகள் இதற்கு மாற்று இல்லை. அங்கே அவர் இன்னாரின் மனைவி மட்டும்தான். ஒரே இடம், ஒரே நேரம், அதே முகங்கள் என்று வாரம் இரண்டு முறை, அவர் பெயரிலேயே அறியப்படுகிற ஒன்று வேண்டும். கம்யூனிட்டி காலேஜ் வகுப்பு, நூலகத்தின் ஆங்கிலப் பேச்சு வட்டம், தமிழ்ப் பள்ளியில் தன்னார்வ ஆசிரியர் என்று எதுவானாலும் சரி. முதல் மாதம் அங்கே கொண்டுபோய் விடுவது கணவரின் வேலை, அன்றைய மீட்டிங்கை நகர்த்தியாவது.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் சாப்பாடும் கெட்டு, அம்மாவின் போனைக்கூட எடுக்காமல் இருந்தால், வகுப்பில் சேர்த்துவிட்டால் சரியாகும் என்று காத்திருக்க வேண்டாம். கணவரின் காப்பீட்டில் அவரும் இருந்தால் குடும்ப மருத்துவரிடம் தொடங்கலாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் எந்த நேரமும் 988 என்ற உதவி எண்ணை அழையுங்கள்.

மேலே சொன்னவை எல்லாம் நல்ல மனம் உள்ள இருவருக்கு. பாஸ்போர்ட்டைப் பூட்டி வைப்பது, "விசாவை கேன்சல் பண்ணிடுவேன்" என்று மிரட்டுவது, அடிப்பது, பணத்தை அடியோடு நிறுத்துவது வேறு விஷயம். அதைத் தம்பதிகளின் பேச்சுவார்த்தையால் தீர்க்கப் பார்ப்பதே தவறு. விவாகரத்தானால் எச்-4 முடிந்துவிடும் என்பது உண்மை, அந்தப் பயத்தில்தான் பலர் அசையாமல் இருக்கிறார்கள். கொடுமைக்குள்ளான எச்-4 துணைகள், கணவருக்கு ஐ-140 இல்லாவிட்டாலும், ஐ-765வி படிவத்தில் தாங்களாகவே வேலை அனுமதி கேட்கலாம். அதற்குக் கணவரின் கையெழுத்து தேவையில்லை. விவாகரத்துக்கு முன்பே ஒரு குடிவரவு வழக்கறிஞரிடம் இதைப் பேசிவிட வேண்டும். நியூ ஜெர்சியில் மானவி, கலிபோர்னியா பே ஏரியாவில் மைத்ரி ஆகியவை தெற்காசியப் பெண்களுக்காகவே இயங்குகின்றன. மற்ற இடங்களில் குடும்ப வன்முறைக்கான தேசிய உதவி எண் 1-800-799-7233. கணவரின் பிளானில் உள்ள போனிலிருந்து கூப்பிட்டால் எண் பில்லில் தெரியலாம், நூலகத்திலோ தோழியின் போனிலோ இருந்து கூப்பிடுங்கள். தமிழ் வேண்டும் என்று சொன்னால் மொழிபெயர்ப்பாளரை இணைக்கக் கேட்கலாம்.