நாலு தானிய மா வீட்டில அரைச்சு, அதுக்குக் கலோரி கணக்குப் பார்க்கிறது எப்பிடி

அம்மாவுக்குச் சலரோகம் எண்டு தெரிஞ்ச பிறகுதான் எங்கட வீட்டில வெறும் கோதம்ப மா ரொட்டியை விட்டிட்டு, கோதுமை, குரக்கன், கடலை, சோயா நாலையும் சேர்த்து அரைக்கத் தொடங்கினது. கிளினிக்கில ஒரு நேரச் சாப்பாட்டுக்கு எவ்வளவு கலோரி வருது எண்டு எழுதிக்கொண்டு வரச் சொன்னவை, வீட்டில அரைச்ச மாவுக்குப் பைக்கற்றும் இல்லை லேபலும் இல்லை, அப்ப எதைப் பார்த்து எழுதுறது? நான் செய்யிற முறையை ஒரு கிலோ கணக்கு வச்சு அப்பிடியே சொல்லுறன், முதல் தடவை செய்யிற ஆக்களும் பார்த்துச் செய்யலாம்.

தேவையானது ஒரு டிஜிட்டல் தராசு, ஒரு கொப்பி, ஒரு பேனை. சுண்டு வேண்டாம். இதை முதலே சொல்லிப்போடுறன், ஏனெண்டா எங்கட குசினியில எல்லாமே சுண்டுக் கணக்குத்தானே. அரிசிக்கு அது காணும். மாவை அமத்தி நிரப்பினா ஒரு நிறை, அரிதட்டில அரிச்சுப் பொலபொலவெண்டு போட்டா இன்னொரு நிறை, அதே சுண்டுதான் ஆனா முப்பது கிராம் வித்தியாசம் சும்மா வரும், முப்பது கிராம் மா எண்டா நூறு கலோரிக்கு மேல. அதால எல்லாத்தையும் கிராமில எழுதுங்கோ.

முதல் வேலை: பச்சையா நிறுக்கிறது

தானியத்தைச் சுளகில புடைச்சு, கல்லு மண் எடுத்திட்டுத்தான் நிறுக்கோணும், குரக்கனுக்குள்ள மண் கனக்க இருக்கும், அதையும் சேர்த்து நிறுத்தா மண்ணுக்கும் கலோரி போட்டமாதிரி ஆகிடும். ஆனா கழுவ முதல் நிறுங்கோ. அட்டவணையில இருக்கிற கலோரி எல்லாம் கடையில விக்கிற அளவு காய்ஞ்ச தானியத்துக்கு உரியது, கழுவி ஈரத்தோட நிறுத்தா கணக்குப் பிழைச்சுப்போகும். ஏதனத்தைத் தராசில வச்சு `TARE` அமத்தி 0 வந்த பிறகு தானியத்தைக் கொட்டுங்கோ.

நான் போடுற அளவு கோதுமை 500 கிராம், குரக்கன் 250, கடலைப்பருப்பு 150, சோயா 100. நூறு கிராமுக்கு வட்டமாக் கோதுமைக்கு 340, குரக்கனுக்கு 330, கடலைப்பருப்புக்கு 370, சோயாவுக்கு 445 கலோரி வைக்கலாம். வேற வேற அட்டவணையில பத்து இருபது கூடக் குறைய இருக்கும், கடலைப்பருப்புக்கு இன்னும் கொஞ்சம் கூடவே வித்தியாசம் வரும், நார்ச்சத்தை ஒவ்வொரு இடத்திலயும் ஒவ்வொரு விதமா எண்ணுறதும் அதுக்கு ஒரு காரணம். ஒரு அட்டவணையை எடுத்தா கடைசி மட்டும் அதையே வச்சிருங்கோ, மாத்தி மாத்திப் பார்க்காதேங்கோ.

```
கோதுமை   500 x 3.40 = 1700
குரக்கன்   250 x 3.30 =  825
கடலை     150 x 3.70 =  555
சோயா     100 x 4.45 =  445
மொத்தம்              = 3525
```

சோயாவில மட்டும் ஒரு கவனம். முழு சோயாவை நீங்களே வறுத்து அரைச்சா அதின்ர எண்ணெய் எல்லாம் மாவுக்குள்ளயே நிக்கும், அதாலதான் கலோரி கூட. கடையில பைக்கற்றில வாற சோயா மா சிலது எண்ணெய் பிழிஞ்சு எடுத்த மா, அதுக்கு நூறு கிராமுக்கு 330 போலத்தான் வரும். லேபலில கொழுப்பு எண்ட இடத்தைப் பாருங்கோ, இருபதுக்குக் கிட்ட இருந்தா முழு சோயா, ஒண்டு ரெண்டு எண்டு இருந்தா எண்ணெய் எடுத்தது. லேபலில `kJ` மட்டும் போட்டிருந்தா 4.184 ஆல பிரிச்சாக் கலோரி வரும்.

அடுத்தது வறுக்கிறது, இதிலதான் கனபேர் விடுறவை

கழுவி, வெயிலில வடிவாக் காயவிட்டு, தாச்சியில ஒவ்வொண்டாத் தனித்தனிய வறுங்கோ. குரக்கன் சின்ன விதை, கொஞ்சம் விட்டாலும் கருகிப்போகும், டப் டப் எண்டு ஒண்டு ரெண்டு வெடிக்கத் தொடங்கினா உடன இறக்கிடுங்கோ. சோயாவுக்கு நேரம் எடுக்கும், தோல் வெடிச்சு உள்ளுக்க மஞ்சள் பொன்னிறமாகி அந்தப் பச்சை மணம் போகுமட்டும் இளநெருப்பில வறுக்கோணும். அது ருசிக்கு மட்டும் இல்லை, பச்சைச் சோயாவில புரதம் சமிக்கிறதைத் தடுக்கிற பொருள் ஒண்டு இருக்கு, சூட்டிலதான் அது கெடும்.

இப்ப எல்லாம் ஆறின பிறகு திரும்ப நிறுங்கோ. எனக்கு இந்த முறை ஒரு கிலோ 940 கிராமா வந்தது. போன 60 கிராமும் தண்ணி. தண்ணிக்குக் கலோரி இல்லை, அப்ப அந்த 3525 முழுக்க இந்த 940 கிராமுக்குள்ளதான் இருக்கு.

```
3525 ÷ 940 x 100 = 375
```

நூறு கிராம் மாவுக்கு 375 கலோரி. வறுக்க முதல் உள்ள ஆயிரம் கிராமால பிரிச்சிருந்தா 352 எண்டு வந்திருக்கும், ஒவ்வொரு நூறு கிராமுக்கும் 23 கலோரி குறைச்சு எழுதியிருப்பம்.

பிறகு மில்லுக்குக் கொண்டுபோய் அரைச்சுக்கொண்டு வந்து நிறுத்தா 915 கிராம். நான் முதல் தடவை இந்த 915 ஆலதான் பிரிச்சனான், அது பிழை எண்டு விளங்கக் கொஞ்ச நாள் எடுத்தது. மில்லில குறையிறது தண்ணி இல்லை, மா. மெசினுக்குள்ள ஒட்டினதும் பறந்ததும் மா எண்டபடியா அது தன்ர கலோரியையும் கொண்டுதான் போகுது, மிச்ச மாவில நூறு கிராமுக்கு அதே 375தான். அதால பிரிக்க வேண்டிய நிறை வறுத்து ஆறின பிறகு, மில்லுக்குப் போக முதல் நிறுத்த நிறை. மில்லில உங்களுக்கு முதல் ஆர் என்ன அரைச்சவை எண்டும் கேளுங்கோ, மிளகாய்த்தூள் அரைச்ச மெசினில அரைக்கவே வேண்டாம், அரிசி எண்டா பரவாயில்லை, முதல் வாற ஒரு பிடி மாவை ஒதுக்கிவிடுங்கோ.

அரைச்ச மாவை அரிச்சு உமியை வீசுற ஆக்களுக்கு இந்தக் கணக்கு கொஞ்சம் தவறும், வீசுறது கூட நார் எண்டபடியா மாவில நூறு கிராமுக்குக் கலோரி சாடையாக் கூடும். நான் அரிக்கிறதில்லை, அந்த நாருக்காகத்தானே இவ்வளவு பாடும்.

ரொட்டிக்கு வருவம்

மா கணக்கு முடிஞ்சது, ஆனா ஒருத்தரும் மாவைச் சும்மா சாப்பிடுறதில்லை. எங்கட ரொட்டிக்குத் தேங்காய்ப்பூ போடுவம், கல்லில எண்ணெய் தடவுவம், தண்ணி விட்டுக் குழைப்பம். இதெல்லாத்தையும் ஒரு தடவை முழுக்க நிறுத்து எழுதினாப் பிறகு சுகம்.

போன ஞாயிறு இரவு 300 கிராம் மா எடுத்தன், அது 1125 கலோரி. திருவின தேங்காய்ப்பூ 100 கிராம், அதுக்கு 355. எண்ணெயைக் கரண்டியால அளக்கிறதை விடப் போத்தலோட முதல் ஒருக்கா, சுட்டு முடிய ஒருக்கா நிறுத்தா எவ்வளவு போனது எண்டு தெரியும், எனக்கு 9 கிராம் போயிருந்தது, 80 கலோரி. உப்புக்கும் தண்ணிக்கும் ஒண்டும் இல்லை. மொத்தம் 1560. ஆறு உருண்டையும் ஒரே நிறையாப் பிடிச்சுத் தட்டினபடியா ஒரு ரொட்டிக்கு 260 கலோரி.

உருண்டை ஒரே அளவா வராட்டி சுட்ட ரொட்டி எல்லாத்தையும் ஒண்டா நிறுங்கோ. எனக்கு ஆறும் சேர்ந்து 520 கிராம், 1560ஐ 520 ஆல பிரிச்சா ஒரு கிராமுக்கு 3 கலோரி. அம்மா சாப்பிட்ட ரொட்டி 70 கிராம் எண்டா 210, அவ்வளவுதான்.

இந்த இடத்தில ரெண்டு பிழை வரும். ஒண்டு, சுட்ட ரொட்டியை நிறுத்து அதை மாவின்ர 375ஓட பெருக்கிறது. 87 கிராம் ரொட்டிக்கு அப்பிடிப் போட்டா 326 வரும், உள்ளுக்க இருக்கிற தண்ணியையும் மா எண்டு எண்ணினபடியாத்தான் அப்பிடிக் கூட வருது. மற்றது மாவை மட்டும் எண்ணிப்போட்டுத் தேங்காய்ப்பூவையும் எண்ணெயையும் மறக்கிறது, அப்ப ஒரு ரொட்டிக்கு 188 எண்டு நிக்கும், உண்மையில சாப்பிட்டது 260. கூடுதலா நடக்கிறது இந்த ரெண்டாவதுதான், ஏனெண்டா தேங்காய்ப்பூவை நாங்கள் ஒரு சாப்பாடாவே நினைக்கிறதில்லை, கைக்கு வந்தபடி போடுறம்.

இப்ப நான் முக்கியமாச் சொல்ல வந்தது. குரக்கன் கூடப் போட்டாக் கலோரி குறையும் எண்டு கன ஆக்கள் நம்பியிருக்கினம், பெரியம்மாவும் அதைத்தான் சொல்லுறவ. கணக்கைப் பாருங்கோ. கோதுமையை 250 ஆக்கிக் குரக்கனை 500 ஆக்கினா ஒரு கிலோவில குறையிறது 25 கலோரி, ஒரு ரொட்டிக்கு ஒரு கலோரி சொச்சம். அதே ரொட்டியில தேங்காய்ப்பூவை 100 கிராமில இருந்து 50 கிராமாக் குறைச்சா ஒரு ரொட்டிக்கு 30 கலோரி போகும். குரக்கனைப் போடுறதுக்குக் கல்சியம், நார் எண்டு நல்ல காரணம் இருக்கு, நானும் அதுக்காகத்தான் போடுறன், ஆனா கலோரி அந்தக் காரணத்துக்குள்ள வராது. சோயாவைக் கூட்டினாக் கலோரி கூடத்தான் செய்யும், 100 கிராம் கோதுமைக்குப் பதிலா இன்னும் 100 சோயா போட்டா ஒரு ரொட்டிக்கு அஞ்சாறு கலோரி, அதோட புரதமும் கூடும் எண்டபடியா நான் அதைப் பார்க்கிறதில்லை.

சலரோகக்காரருக்கு ஒண்டு, கலோரியும் சீனி ஏறுறதும் ஒரே கணக்கு இல்லை. ரொட்டி 260 கலோரி எண்டு தெரிஞ்சாலும் சாப்பிட்டு ரெண்டு மணித்தியாலத்தில சீனி எவ்வளவு நிக்குது எண்டதைக் குத்தித்தான் பார்க்கோணும், ரெண்டையும் பக்கத்தில பக்கத்தில எழுதி வச்சா டொக்டருக்குக் காட்டச் சுகம்.

இதே மாவில புட்டு அவிச்சாலும் முறை ஒண்டுதான், மாவும் தேங்காய்ப்பூவும் எவ்வளவு எண்டு எழுதி, அவிச்ச புட்டு முழுக்க நிறுத்து, பிரிக்கிறது. புட்டு தண்ணியும் ஆவியும் குடிச்சு நிறை கூடும் எண்டபடியா ஒரு கிராமுக்கு ரொட்டியை விடக் குறைவா வரும், ஆனா கோப்பையில போடுற அளவும் கூடத்தானே.

மாவை நல்லா ஆறவிட்டு இறுக்கமா மூடுற பேணியில போடுங்கோ, மாரி காலத்தில திறந்து வச்சா வறுத்த மா ஈரத்தை இழுத்து நிறை கூடும், பிறகு 300 கிராம் எண்டு நிறுக்கிறதில கொஞ்சம் தண்ணியும் சேர்ந்திடும். பேணிக்கு மேல ஒரு துண்டு டேப் ஒட்டி 375 எண்ட இலக்கத்தையும் அரைச்ச திகதியையும் எழுதிவிடுங்கோ. அடுத்த முறை அரைக்கேக்க வறுவல் கூடக் குறைய இருக்கும், நிறை 950 வரலாம் 930 வரலாம், அப்ப அந்த டேப்பை உரிச்சுப்போட்டுப் புதுசா ஒண்டு ஒட்டுங்கோ.