ஆச்சியின் பாம்படம் தெளிவாக விழ வேண்டும்: வாட்ஸ்அப்பில் போட்டோவை டாக்குமெண்டாக அனுப்புவது எப்படி

பாளையங்கோட்டையில் சித்தப்பா கட்டிய புது வீட்டுக்குப் பால்காய்ப்பு வந்தது. ஹாலில் ஆச்சி படத்தைப் பெரிதாக மாட்ட வேண்டும் என்பது அவருடைய ஆசை. ஆச்சிக்கு இருப்பதே ஒரே ஒரு நல்ல போட்டோதான். கறுப்பு வெள்ளை, போஸ்ட்கார்டு அளவு. அது கல்லிடைக்குறிச்சியில் அத்தை வீட்டுச் சுவரில் இருக்கிறது. அதில் ஆச்சியின் காதில் பாம்படம் தொங்கும். உற்றுப் பார்த்தால் அதன் ஒவ்வொரு உருண்டையும், நடுவில் ஓடும் வரியும் தனித்தனியாகத் தெரியும்.

அத்தை படத்தைச் சட்டத்திலிருந்து கழற்றி, திண்ணை வெளிச்சத்தில் வைத்து, நிழல் விழாமல் போனில் எடுத்து வாட்ஸ்அப்பில் எனக்கு அனுப்பினார். நான் அதை அப்படியே ஸ்டூடியோவுக்கு அனுப்பினேன். ஸ்டூடியோக்காரர் கம்ப்யூட்டரில் பெரிதாக்கிக் காட்டினார். பாம்படம் இருந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு திட்டு. காதோரத்து நரைமுடி, இழை இழையாக இல்லாமல் சுண்ணாம்பைத் தடவியது மாதிரி இருந்தது.

"இது வாட்ஸ்அப்புல போட்டோவா வந்த படம்லா அண்ணே. டாக்குமெண்டா அனுப்பச் சொல்லுங்க" என்றார்.

அந்த ஒரு சொல்லில்தான் விஷயம் இருக்கிறது. எப்படி என்று கடைசி வரை சொல்கிறேன்.

படம் எங்கே கெடுகிறது?

படம் வழியில் கெடுவதில்லை, வாங்குபவர் போனிலும் கெடுவதில்லை. அனுப்புபவரின் போனிலேயே, கிளம்புவதற்கு முன்பே வாட்ஸ்அப் அதைச் சுருக்கிவிடுகிறது. சீக்கிரம் போக வேண்டும், டேட்டா குறைவாகச் செலவாக வேண்டும் என்பதற்காக அப்படிச் செய்கிறது.

அத்தை எடுத்த படம் 4000-க்கு 3000 புள்ளி, அதாவது 1 கோடியே 20 லட்சம் புள்ளிகள். எனக்கு வந்தது 1600-க்கு 1200, சுமார் 19 லட்சம் புள்ளிதான். ஆறில் ஒரு பங்குகூட இல்லை. மிச்சம் இருந்ததையும் இன்னும் அழுத்தியிருந்தது. ஜேபெக் படம் 8-க்கு 8 புள்ளி கொண்ட சின்னச் சின்னக் கட்டங்களாகச் சுருக்கப்படும். அழுத்தம் கூடும்போது ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் இருக்கும் நுணுக்கமான வரிகள்தான் முதலில் போகும். பாம்படத்தின் வரி போனது அப்படித்தான்.

போன் திரையில் பார்த்தால் இந்த வித்தியாசம் தெரியாது. பிரிண்ட் போடும்போதுதான் தெரியும். சித்தப்பா கேட்டது 16-க்கு 12 அங்குலம். அசல் படத்தின் 4000 புள்ளியை 16 அங்குலத்தில் பரப்பினால் அங்குலத்துக்கு 250 புள்ளி வரும். சுவரில் மாட்டிப் பார்க்க அது போதும். 1600 புள்ளியைப் பரப்பினால் அங்குலத்துக்கு 100தான். கிட்டே போய்ப் பார்க்கிறவருக்கு மங்கல் தெரிந்துவிடும்.

டாக்குமெண்டாக அனுப்பினால் வாட்ஸ்அப் அந்தப் படத்தைத் தொடுவதே இல்லை. ஒரு பிடிஎஃப் கோப்பை எப்படிக் கொண்டுபோய்க் கொடுக்குமோ, அப்படியே இதையும் கொடுத்துவிடும். 3.8 எம்பி கிளம்பினால் 3.8 எம்பிதான் போய்ச் சேரும்.

ஆண்ட்ராய்டு போனில்

அத்தைக்குப் போனில் பேசியபடியே சொல்லிக் கொடுத்ததை அதே வரிசையில் எழுதுகிறேன்.

1. யாருக்கு அனுப்ப வேண்டுமோ அவருடைய சாட்டைத் திறங்கள். கேலரியில் படத்தைத் திறந்து, ஷேர் பட்டனை அழுத்தி வாட்ஸ்அப்புக்கு வராதீர்கள். அப்படி வந்தால் அது போட்டோவாகத்தான் போகும். அத்தை முதலில் அனுப்பியது அந்த வழியில்தான்.

2. டைப் செய்யும் இடத்துக்குப் பக்கத்தில் பேப்பர் கிளிப் படம் இருக்கும். அதைத் தொட்டால் சில வட்டங்கள் விரியும். அதில் "Gallery" வேண்டாம், "Camera" வேண்டாம். "Document" என்பதைத் தொடுங்கள். வாட்ஸ்அப்பைத் தமிழில் வைத்திருப்பவர்களுக்கு "ஆவணம்" என்று வரும்.

3. இப்போது வரும் பக்கத்தில் "Choose from gallery" என்று இருந்தால் அதைத் தொட்டு, படத்தைப் பார்த்தே எடுத்துக்கொள்ளலாம். இதிலும் கேலரி என்றுதானே வருகிறது என்று தயங்க வேண்டாம். டாக்குமெண்டுக்குள் நுழைந்து எடுத்தால் டாக்குமெண்டாகத்தான் போகும்.

4. சில போன்களில் அது இருக்காது, "Browse other docs" மட்டும் இருக்கும். அத்தை போனிலும் அதுதான் இருந்தது. அதைத் தொட்டால் போனின் கோப்புகள் திறக்கும். இடது மேல் மூலையில் உள்ள மூன்று கோட்டைத் தொட்டு "Images" போங்கள், அதற்குள் "Camera". போனில் எடுத்த படங்களெல்லாம் அங்கேதான் இருக்கும். படத்தோடு பெயரும் அளவும் தெரியும். எம்பி கணக்கில் இருப்பதுதான் அசல்.

5. படத்தைத் தொட்டால் அனுப்பவா என்று கேட்கும். அனுப்பிவிடுங்கள்.

மலையடிவாரப் பக்கம் சிக்னல் கொஞ்சம் நொண்டும். நாலு எம்பி போக நேரம் எடுத்தால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். நடுவில் ரத்து செய்துவிட்டு, பழையபடி போட்டோவாக அனுப்பிவிடாதீர்கள். வீட்டு வைஃபை இருந்தால் அதில் போடுங்கள், இல்லையென்றால் கொஞ்சம் பொறுங்கள். அளவைப் பற்றிக் கவலை வேண்டாம். 2 ஜிபி வரை டாக்குமெண்டாக அனுப்பலாம், எந்தப் போட்டோவும் அந்தப் பக்கம் போகாது.

ஐபோனில்

டைப் செய்யும் இடத்துக்குப் பக்கத்தில் உள்ள கூட்டல் குறியைத் தொட்டு, "Document" போங்கள். அதில் "Choose Photo or Video" வழியாகப் படத்தை எடுக்கலாம். ஐபோனில் கவனிக்க வேண்டியது வேறொன்று. பெயரின் கடைசியில் HEIC என்று முடியும் படத்தைச் சில ஸ்டூடியோக் கம்ப்யூட்டர்களில் திறக்க முடியாது. பிரிண்டுக்காகவே எடுக்கப் போகிறீர்கள் என்றால், எடுப்பதற்கு முன்பே Settings-இல் Camera, அதற்குள் Formats போய் "Most Compatible" என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கப்புறம் எடுப்பதெல்லாம் ஜேபெக்காக வரும்.

சரியாகப் போனதா என்று எப்படித் தெரியும்?

சாட்டிலேயே தெரியும். படம் மட்டும் பெரிதாக நிறைந்து நின்றால் அது போட்டோவாகப் போயிருக்கிறது. கோப்பின் பெயர், அதோடு "3.8 MB", "JPG" என்று எழுதியிருந்தால் டாக்குமெண்டாகப் போயிருக்கிறது.

இதைவிட உறுதியான அடையாளம் பெயர். போட்டோவாக வந்த படத்துக்கு வாட்ஸ்அப் தானே ஒரு பெயர் வைக்கும். எனக்கு முதலில் வந்த படத்தின் பெயர் இது:

```
IMG-20240914-WA0007.jpg
```

நடுவில் WA என்று இருக்கிறது பாருங்கள். அளவு 212 கேபி. அசலின் பெயர் அத்தை போன் வைத்த பெயர்:

```
IMG_20240914_101522.jpg
```

நான் செய்த தப்பு இங்கேதான். ஸ்டூடியோக்காரர் டாக்குமெண்டாகக் கேட்டதும், என்னிடம் ஏற்கெனவே வந்திருந்த அந்த WA படத்தையே டாக்குமெண்டாக அனுப்பினேன். அது 212 கேபியாகவே போனது. சுருங்கிய படத்தை எந்த வழியில் அனுப்பினாலும் போன வரி திரும்பாது. டாக்குமெண்டாக அனுப்ப வேண்டியது படம் எடுத்தவரின் போனிலிருந்து. ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புவதும் இதே கதைதான்.

அத்தைக்கு மறுபடி போன் செய்தேன். "ஏய்யா, அதான் அனுப்பிட்டேனே, வரலையா?" என்று கேட்டார். வந்தது சின்னப் படம் என்று சொல்லி, மேலே சொன்ன வழியில் அனுப்ப வைத்தேன். ஐந்து நிமிஷத்தில் 3.8 எம்பி வந்தது. அதைத் தொட்டுப் பிடித்து ஃபார்வர்டு செய்தேன். டாக்குமெண்டாக வந்ததை ஃபார்வர்டு செய்தால் டாக்குமெண்டாகவே போகும், தரம் குறையாது.

வாங்குபவர் பக்கம்

"வரவே இல்லையே" என்று சிலர் சொல்வார்கள். வந்திருக்கும், ஆனால் கேலரியில் தேடுவார்கள். டாக்குமெண்டாக வந்த படம் பெரும்பாலும் கேலரியில் தானாக வந்து நிற்காது. சாட்டில் அந்தக் கோப்பைத் தொட்டால்தான் இறங்கும். ஆண்ட்ராய்டில் இறங்கிய பிறகு File Manager-இல் "WhatsApp Documents" என்ற ஃபோல்டருக்குள் இருக்கும். ஸ்டூடியோவில் வாட்ஸ்அப் வெப் வைத்திருந்தால் அங்கிருந்தே கம்ப்யூட்டரில் இறக்கிக்கொள்வார்கள்.

HD என்று ஒன்று இருக்கிறதே?

2023-இல் வந்தது. போட்டோவை அனுப்பும் முன் மேலே HD என்று இருப்பதைத் தொட்டால் கூடுதல் தரத்தில் போகும். சாதாரணமாகப் போவதைவிட நன்றாகவே இருக்கும். ஆனாலும் அது சுருக்கிய படம்தான். ஆல்பத்தில் ஒட்டுகிற சின்ன பிரிண்டுக்கு HD போதும் என்பது என் கணிப்பு. சுவரில் மாட்டுகிற படம், எழுத்து நுணுக்கி எழுதிய பழைய பத்திரம், ஒருவர் பெரிதாக்கிப் படிக்க வேண்டிய எதுவாக இருந்தாலும் டாக்குமெண்ட்தான். குடும்ப குரூப்பில் போடும் பொங்கல் படத்துக்கு இது எதுவும் வேண்டாம். இருபது பேர் போனில் இடத்தை அடைக்கும்.

ஒன்றை மறக்கக் கூடாது. கேமராவில் லொகேஷன் ஆன் செய்திருந்தால், எடுத்த இடம் படத்துக்குள்ளேயே பதிந்திருக்கும். போட்டோவாக அனுப்பினால் வாட்ஸ்அப் அதை நீக்கிவிடும். டாக்குமெண்டாக அனுப்பினால் அதுவும் சேர்ந்து போக வாய்ப்பு உண்டு. வீட்டுக்காரர்களுக்கு அனுப்பும்போது பரவாயில்லை. முன்பின் தெரியாதவருக்கு வீட்டில் எடுத்த படத்தை அனுப்புவதாக இருந்தால், எடுப்பதற்கு முன் கேமரா செட்டிங்ஸில் லொகேஷனை அணைத்துவிடுங்கள்.

ஸ்டூடியோக்காரர் இரண்டாவது படத்தைத் திறந்து காதுப் பக்கம் பெரிதாக்கினார். பாம்படத்தின் உருண்டை தனித்தனியாக நின்றது, வரியும் தெரிந்தது. பால்காய்ப்பன்று அந்தப் படத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே அத்தை என்னிடம் கேட்டார்: "தாத்தா படமும் ஒண்ணு கிடக்கு, அதையும் எடுத்து டாக்குமெண்ட்ல போடட்டுமா?"