27 யூனிட் எங்கிருந்து வந்தது?

5 கிலோவாட் சோலார், தினம் 27 யூனிட், 4 வருடத்தில் போட்ட பணம் திரும்பிவிடும் என்றது சோலார் நிறுவனம் தந்த முன்மொழிவு. கணக்கு இடித்தது. பேனலின் திறன் சதவீதம், சாய்வுக் கோணம், கூரையில் விழும் நிழல் என்று மூன்று நாள் தேடினேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

பொருள் பட்டியலைப் பார்த்த பிறகுதான் பிடிபட்டது. 540 வாட் பேனல் எட்டு, ஆக 4.32 கிலோவாட். அந்த 5 கிலோவாட் என்பது இன்வெர்ட்டரின் அளவு! அதை, ஒரு நாள் வெயில் முழுவதற்கும் சமமான 5.4 உச்ச வெயில் மணியால் பெருக்கி 27 ஆக்கியிருக்கிறார்கள். சூடு, தூசி, வயர், இன்வெர்ட்டர் இழப்பு எதையும் கழிக்கவில்லை. இவற்றுக்குச் சுமார் 22 சதவீதம் போனால்:

```
4.32 × 5.4 × 0.78 = 18.2
```

யூனிட் குறைந்தால் வருடங்கள் நீளும்: 4 × 27 ÷ 18.2, கிட்டத்தட்ட 6.

அதுவும் அடுக்குக் கட்டணத்தில் எல்லா யூனிட்டையும் உச்ச விலையில் கணக்கிட்டால்தான். சேமிப்பு மேலடுக்கில் தொடங்கிக் கீழே இறங்கும். கடைசி யூனிட்டுகள் மலிவானவை. பழைய பில்லில் சோலார் தரும் மாத யூனிட்டைக் கழித்து மறுபடி பில் போட்டேன், 7 வருடம் தாண்டியது.