சம்பாதிப்பவர் திடீரென்று போய்விட்டால்: டேர்ம் பாலிசியும் ஆறு மாதப் பணமும்

நாங்கள் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கேரளத்துக் கொழிஞ்சாம்பாறைக்காரர்கள். அக்கா வீட்டுக்காரரான மாமாவுக்குத் தேங்காய் வியாபாரம். ஒருநாள் லோடு ஏற்றிவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், பொள்ளாச்சி ஆஸ்பத்திரி சேர்வதற்குள் போய்விட்டார். குறித்த காலத்துக்குள் இறந்தால் குடும்பத்துக்குப் பணம் தரும் டேர்ம் பாலிசி அவரிடம் இருந்தது, வங்கியில் பணமும் இருந்தது. ஆனாலும் முதல் இரண்டு மாதம் அக்கா கடன் வாங்கித்தான் அடுப்பு எரித்தாள். அப்போது நான் அலைந்து கற்றுக்கொண்டதை, என் வீட்டுக்குச் செய்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

1. எவ்வளவுக்கு எடுப்பது

"வருமானத்தைப் போல பத்து மடங்கு" என்று சொல்வார்கள். நான் வீட்டுச் செலவிலிருந்து கணக்குப் போட்டேன். எங்கள் செலவு மாதம் 25,000, வருஷத்துக்கு 3 லட்சம். சின்னவனுக்கு எட்டு வயது. அவன் சொந்தக் காலில் நிற்க இன்னும் 15 வருஷம், அதற்கு 45 லட்சம். வீட்டுக் கடன் 8 லட்சம், இரண்டு பிள்ளைகள் படிப்புக்கு 10 லட்சம். மொத்தம் 63 லட்சம். விலைவாசி ஏறுவதை டெபாசிட் வட்டி முழுதாக ஈடுகட்டாது என்பதால் 75 லட்சத்துக்கு எடுத்தேன், 60 வயது வரை.

கட்டிய பணம் திரும்பி வரும் வகை வேண்டாம். அதற்குப் பிரீமியம் கூடுதல். அந்த வித்தியாசத்தை மூன்றாவது படிக்கு ஒதுக்குங்கள். பிரீமியத்தை வருஷத்துக்கு ஒருமுறை கட்டுங்கள். மாதாமாதம் கட்டினால் தவறிய தவணைக்கு 15 நாள்தான் அவகாசம், வருஷத் தவணைக்கு 30 நாள்.

2. விண்ணப்பம்

பீடி, சர்க்கரை, பழைய ஆபரேஷன், வேறு பாலிசி எதையும் மறைக்காதீர்கள். ஏஜென்ட் "இல்லைன்னு போட்டுக்கலாங்க" என்றாலும் நீங்களே படித்துப் பாருங்கள். இன்சூரன்ஸ் சட்டம் 45ஆம் பிரிவுப்படி மூன்று வருஷம் தாண்டிய பாலிசியை எந்தக் காரணம் சொல்லியும் கேள்வி கேட்க முடியாது. அதற்குள் மரணம் நடந்தால், மறைத்தது காசைத் தடுத்துவிடும்.

அக்கா முதலில் தடுக்கி விழுந்தது பெயரில். அவள் படித்தது உடுமலையில், பள்ளிச் சான்றிதழில் `Kanagavalli`. கல்யாணமாகி இங்கே வந்து எடுத்த ஆதாரில் மலையாள எழுத்துப்படி `Kanakavalli`. மாமா சான்றிதழைப் பார்த்து நாமினி பெயர் எழுதியிருக்கிறார், வங்கிக் கணக்கோ ஆதார்படி. இரண்டும் ஒருவர்தான் என்று வில்லேஜ் ஆபீஸில் சான்று வாங்கிக் கொடுத்த பிறகே கிளெய்ம் நகர்ந்தது. எல்லைப்பக்கம் இருக்கிற நமக்கு இது வீட்டுக்கு வீடு உண்டு. ஆதார், பான், பாஸ்புக், பாலிசி நான்கையும் மேஜையில் பரப்பி எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள், இனிஷியலையும் சேர்த்து.

3. ஆறு மாதப் பணம்

எங்களுக்கு 1.5 லட்சம். இறப்புச் சான்றிதழ் வாங்கி, கிளெய்ம் முடிந்து பணம் வரும்வரை குடும்பம் இதில்தான் ஓட வேண்டும். எவ்வளவு என்பதைவிட, எப்படிப் போட்டு வைக்கிறோம் என்பதுதான் முக்கியம்.

மாமாவின் சேமிப்புக் கணக்கு தனிப் பெயரில் இருந்தது. மரணம் தெரிந்ததும் ஏடிஎம் நின்றுவிட்டது. எஃப்டி மட்டும் இருவர் பெயரில், இருவரில் யாரும், ஒருவர் இறந்தால் மற்றவரும் எடுக்கலாம் என்கிற 'எய்தர் ஆர் சர்வைவர்' என்று தெளிவாகவே போட்டிருந்தது. அதை எடுத்துவிடலாம் என்று நம்பிப் போனோம். மேனேஜர் சொன்னது: "முதிர்ந்த பிறகு அக்கா மட்டும் கையெழுத்துப் போட்டு எடுக்கலாங்க. நடுவில் உடைக்கணும்னா எல்லா வாரிசும் சம்மதிக்கணும்." முதிர இன்னும் பதினொரு மாதம். வாரிசு என்றால் அக்காவோடு, மைனர் பிள்ளைகள் இரண்டு பேர், உடுமலையில் படுக்கையில் கிடக்கிற மாமாவின் அம்மா.

இதைத் தவிர்க்க ஒரு கையெழுத்து போதும். 'ஒருவர் இறந்தால் மற்றவர் முதிர்வுக்கு முன்பே எடுக்கலாம்' என்று இருவரும் சேர்ந்து வங்கியில் எழுதிக் கொடுக்கலாம், ரிசர்வ் வங்கி இதை அனுமதிக்கிறது. புது எஃப்டி என்றால் அந்தப் பாரத்திலேயே இந்த வரி இருக்கிறதா என்று கேளுங்கள். பழையதற்கு இருவரும் உயிரோடு இருக்கும்போதே கொடுத்து, நகலில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள்.

நான் 50,000-ஐ கூட்டு சேமிப்புக் கணக்கிலும், மீதி ஒரு லட்சத்தை இரண்டு எஃப்டியாகவும் வைத்திருக்கிறேன். என் மனைவிக்குத் தனி ஏடிஎம் கார்டு உண்டு. மாதம் ஒருமுறை அவளே போய்ப் பணம் எடுக்கிறாள்.

பின்சேர்க்கை: சித்தூரிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருந்தார், "வியாபாரக் கடன் நிறைய இருக்கு. கடன்காரங்க பாலிசிப் பணத்தைப் பிடிச்சுக்குவாங்களா?" திருமணமான பெண்கள் சொத்துரிமைச் சட்டம், 1874, ஆறாம் பிரிவின் கீழ் மனைவி, பிள்ளைகளுக்கென்று எடுத்த பாலிசியில் கணவரின் கடன்காரர்கள் கை வைக்க முடியாது, கடன்காரரை ஏமாற்றவே எடுத்தது என்று நிரூபித்தால் மட்டும், பாலிசிப் பணத்திலிருந்து கேட்கலாம். விண்ணப்பத்தோடு தனிப் பாரம் கேட்டு வாங்கி நிரப்ப வேண்டும். பாலிசி கைக்கு வந்த பிறகு இதைச் சேர்க்க வழியில்லை, பயனாளியையும் பிறகு மாற்ற முடியாது. அவர் பழைய பாலிசியை அப்படியே வைத்துக்கொண்டு, இந்தப் பாரத்தோடு புதிதாக ஒன்றுக்கு விண்ணப்பித்திருக்கிறார்.