ஒரே பாக்கெட்ல நாலு கை: முறுக்கு, மிக்சர் கலோரி கணக்கு எங்க தப்புது

சாயங்காலம் டீ போட்டு மிக்சர் பாக்கெட்டை பிரிச்சு நடுவுல வெச்சாச்சு, நாலு பேரு பேசிக்கிட்டே அள்ளி அள்ளி சாப்டாச்சு, அரை மணி நேரம் கழிச்சு போனை எடுத்து ஆப்ல "மிக்சர், ஒரு கை" ன்னு போட்டுட்டு 100 கலோரின்னு சேவ் பண்ணிடுவோம். நானும் ரொம்ப நாள் இப்படித்தான் பண்ணேன். சமையல் தராசு ஒண்ணு வாங்கி வெச்சு பாத்தப்பதான் தெரிஞ்சது, நான் தப்பு பண்ணது கலோரில இல்ல, கிராம்ல.

முதல்ல ஒரு விஷயம். மிக்சரா முறுக்கா, எதுல கலோரி கம்மின்னு மண்டைய ஒடைச்சுக்கிறது பெரும்பாலும் வீண் வேலை. எண்ணெய்ல பொரிச்ச இந்த ஐட்டம் எல்லாமே கிட்டத்தட்ட 100 கிராமுக்கு 500ல இருந்து 560 கலோரிக்குள்ள வந்துடும். ஏன்னா மாவோ பருப்போ 1 கிராமுக்கு 4 கலோரி பக்கம், எண்ணெய் 1 கிராமுக்கு 9, பொரிச்சு முடிச்சதுல மூணுல ஒரு பங்குக்கு கொஞ்சம் கம்மியா எண்ணெய்னு வெச்சுக்கோங்க, கணக்கு தானா அங்கதான் வந்து நிக்கும். வேர்க்கடலை நிறைய இருந்தா கொஞ்சம் ஏறும், அவல் நிறைய இருந்தா கொஞ்சம் இறங்கும், அவ்ளோதான், பத்து சதவீதம் முன்ன பின்ன. ஆனா நீங்க சாப்டது 20 கிராமா 60 கிராமாங்கிறதுல தப்புனா அது மூணு மடங்கு தப்பு. அதனால கவலைப்பட வேண்டியது எடைய பத்திதான்.

நிறைய பேரு சிக்குற இடம் பாக்கெட் பின்னாடி இருக்குற டேபிள். அங்க பெரும்பாலும் 100 கிராமுக்கு எவ்ளோன்னு ஒரு காலம் இருக்கும், சில பாக்கெட்ல பக்கத்துலயே ஒரு சர்விங்குக்கு எவ்ளோன்னும் இருக்கும். சர்விங் 30 கிராம்னு போட்டிருந்தா அந்த 160 சொச்சத்தை பாத்துட்டு "சரி, என் பங்கு இதுதான்" னு எடுத்துக்கிறாங்க. 30 கிராம்ங்கிறது கம்பெனிக்காரன் வெச்ச அளவு, உங்க கை அளவு இல்ல. 30 கிராம் மிக்சரை ஒரு தடவ தட்டுல கொட்டி பாருங்க, "இவ்ளோதானா" ன்னு தோணும்.

அடுத்தது, தலைக்கு வகுக்குறது. 200 கிராம் பாக்கெட், நாலு பேரு, அப்போ ஆளுக்கு 50 கிராம். கேக்க நியாயமா இருக்கு, ஆனா யாரும் சமமா சாப்புடுறதில்ல. எங்க வீட்ல ஒரு நாள் இத முறையா பாத்தோம். மிக்சர் 100 கிராமுக்கு 540 கலோரின்னு போட்டிருந்தது. பிரிச்ச உடனே மொத்தத்தையும் ஒரு டப்பால கொட்டி எடை போட்டேன், 200. முடிச்சப்புறம் டப்பால 62 கிராம் மிச்சம். ஆக நாலு பேரு சேந்து 138 கிராம், தலைக்கு வகுத்தா 34 கிராம் சொச்சம், 186 கலோரி. இதோட விட்டிருந்தா நான் 186னுதான் எழுதியிருப்பேன். ஆனா அன்னிக்கு நான் எத்தன தடவ டப்பாக்குள்ள கை விட்டேன்னு என் பொண்ண எண்ண சொல்லியிருந்தேன், ஏழு தடவ. என் கைக்கு ஒரு தடவைக்கு 8 கிராம் வருது (இது எப்படி தெரியும்னு கீழ சொல்றேன்), ஏழெட்டு 56 கிராம், 302 கலோரி. அம்மா பேருக்கு ரெண்டு தடவ எடுத்ததோட சரி, அவங்க பங்கையும் நான்தான் சாப்டிருக்கேன்! எண்ணுறதுக்கு இன்னொரு ஆளு இல்லேன்னா ஏழை நான் நாலுன்னுதான் சொல்லியிருப்பேன், டிவி ஓடும்போது கை போறது நமக்கு தெரியவே தெரியாது.

கை அளவு கண்டுபிடிக்க, மிக்சரோட டப்பாவ தராசு மேல வெச்சு ஜீரோ பண்ணிடுங்க. எப்பவும் எடுக்குற மாதிரியே எடுத்து தட்டுல போடுங்க, தராசு மைனஸ்ல எவ்ளோ காட்டுதோ அதுதான் உங்க கை. ஒரு தடவ மட்டும் பாத்தா ஏமாந்துடுவீங்க, எனக்கு 7, 9, 6, 10, 8ன்னு வந்தது, அஞ்சையும் கூட்டி வகுத்தா 8. இன்னொன்னு, எடுத்தத தராசு மேல போட்டு அளக்காதீங்க, டப்பால இருந்து குறையுறத பாருங்க. 1 கிராம் காட்டுற சாதாரண வீட்டுத் தராசு காலியா இருக்கும்போது ரெண்டு மூணு கிராம மெதுவா போட்டா சில சமயம் கண்டுக்காமலே இருக்கும்.

கிண்ணத்துல எடுத்துக்கிறவங்களுக்கும் ஒரு சிக்கல் இருக்கு. அது கிராம் இல்ல, வெறும் இடம். பாக்கெட்ட தூக்கி ஆட்டி கொண்டு வரும்போதே பொடிசு எல்லாம் அடில போயிடும், பெருசா இருக்குற அவல், கார்ன் ஃபிளேக்ஸ் மேல நிக்கும். முதல்ல எடுக்குற ஆளோட கிண்ணம் காத்தா இருக்கும், கடைசி ஆளுக்கு காராபூந்தியும் ஓமப்பொடி தூளும் அடைச்சுக்கிட்டு வரும். ரெண்டு பேரும் "ஒரு கிண்ணம்" னுதான் எழுதுவாங்க, எடை போட்டா ரெண்டாவது ஆளோடது நல்லாவே கூட இருக்கும். அந்த கடைசி தூள வாய்ல கவுத்து கொட்டுறது இருக்கே, அது யாரு கணக்குலயும் வர்றதே இல்ல.

முறுக்குல வேற கதை. இங்க எண்ணிக்கைய நம்புறாங்க. ஆப்ல "முறுக்கு, 1" னு ஒரு எண்ணு இருக்கும், அது எந்த முறுக்குன்னு யாருக்கு தெரியும்? அச்சுல புழிஞ்ச சின்ன முறுக்கு ஒண்ணு பத்து கிராம் கூட வராது, கல்யாண சீர்ல வர்ற பெரிய கைமுறுக்கு அதப்போல பல மடங்கு. அதனால பாக்கெட்ல இருந்து முழுசா இருக்குற பத்த எடுத்து மொத்தமா எடை போட்டு பத்தால வகுத்துக்கோங்க, அந்த பாக்கெட்டுக்கு மட்டும் அந்த எண்ணு செல்லும். ஒடைஞ்சத எண்ணாம சாப்புடுறதும் நடக்கும், "பாதிதானே" ன்னு நாலு பாதி போனா ரெண்டு முழு முறுக்கு.

கைல எண்ணெய் ஒட்டல, அதனால எண்ணெய் கம்மின்னு சொல்றவங்களும் இருக்காங்க. மாவுல இருக்குற தண்ணி ஆவியா வெளிய போன இடத்துல எண்ணெய் உள்ள போய் உக்காந்துக்குது, அதுலயும் நிறைய பங்கு எண்ணெய்ல இருந்து எடுத்து ஆறும்போதுதான் உள்ள இழுக்குது. பாக்கெட்ல வந்தப்புறம் டிஷ்யூல ஒத்தி எடுத்தா மேல இருக்குற கொஞ்சம்தான் வரும். மொறுமொறுன்னு இருக்குறது தண்ணி இல்லங்கிறதுக்கு அடையாளம், எண்ணெய் இல்லங்கிறதுக்கு இல்ல.

லேபிளே இல்லாம பேப்பர்ல கட்டி குடுக்குற கடை மிக்சருக்கு நான் போடுற கணக்கு சுலபம்: கிராம பத்தால பெருக்கி பாதியாக்கி, மேல பத்துல ஒரு பங்கு சேத்துக்குவேன். 40 கிராம்னா 400, பாதி 200, மேல 20, ஆக 220. எழுதும்போது 220ன்னு எழுதினாலும் மனசுல 200ல இருந்து 240 வரைக்கும்னு வெச்சுக்குவேன். வெளில, தராசு இல்லாத இடத்துல, எனக்கு கை 8 கிராம்தான், எத்தன கைன்னு மட்டும் எண்ணிக்குவேன். பொண்ணோட கைக்கு 4 கிராம், அண்ணனுக்கு 13. அண்ணன் பக்கத்துல உக்காந்தா நான் இப்பல்லாம் முதல்லயே தனி கிண்ணத்துல எடுத்து வெச்சுக்குறேன், அது கலோரிக்காக மட்டும் இல்ல.